இருட்டறையைத் திறந்து தாருங்கள்: தலைமை ஆசிரியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் அறையில் வந்து பேசியபோது, பள்ளி முடிந்த பிறகு பிள்ளைகளுக்கு அனிமேஷன் மன்றம் ஒன்று நடத்த அனுமதி கேட்டேன். நீங்கள் மறுக்கவில்லை. "ஹைடெக் லேப் இருக்கு, தினமும் அரை மணி நேரம் எடுத்துக்கோங்க" என்றீர்கள். அந்த மனசுக்கு நன்றி. ஆனால் வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்ததும், லேபும் வேண்டாம், தினசரி அரை மணி நேரமும் வேண்டாம் என்று எழுத வேண்டியதாகிவிட்டது. அதற்குப் பதிலாக இரண்டு கேட்கிறேன். பழைய இயற்பியல் ஆய்வகத்தை ஒட்டி இப்போது உடைந்த பெஞ்சுகள் அடுக்கியிருக்கும் இருட்டறை ஒன்று. வாரத்தில் இரண்டு நீண்ட மாலைகள் மற்றொன்று. ஏன் என்பதை விளக்கத்தான் இந்த மடல். செலவு, பாதுகாப்பு எல்லாம் இதில் வருவதால், பள்ளி மேலாண்மைக் குழுவும் பெற்றோரும் பழைய மாணவர்களும் படிக்கட்டும் என்று திறந்த மடலாகவே எழுதுகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. இதே பள்ளியில் பத்தாம் வகுப்பு வரை படித்தேன். சென்னையில் 11 ஆண்டுகள் இருபரிமாண அனிமேஷனில் வேலை செய்தேன். ஒரு அசைவின் தொடக்கப் படத்தையும் முடிவுப் படத்தையும் மூத்த கலைஞர் வரைந்து தருவார். நடுவில் வரும் படங்களை வரைவது என் வேலை. இன்பிட்வீன் என்பார்கள். இப்போது ஊரோடு வந்துவிட்டேன்.

மன்றத்தில் பிள்ளைகள் செய்யப்போவது கணினி அனிமேஷன் இல்லை. காகிதத்தில் வெட்டிய பாவைகளை மேஜையில் கிடத்தி, கொஞ்சம் நகர்த்தி, மேலிருந்து செல்பேசியால் ஒரு படம் எடுத்து, மறுபடி நகர்த்தி, மறுபடி ஒரு படம் எடுக்கும் ஸ்டாப் மோஷன். நம் குமரி மாவட்டத்துக்கு இது அந்நியமான கலையும் இல்லை. கோயில் கொடை விழாக்களில் தோல்பாவைக்கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதில் வரும் கோமாளி உச்சிக்குடும்பனின் கை தோளிலும் முழங்கையிலும் தனித்தனியாக ஆடுவது நினைவிருக்கும். துண்டு துண்டாக வெட்டி மூட்டில் கட்டிய பாவை அது. எங்கள் காகிதப் பாவையும் அப்படித்தான். இரண்டு துண்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, ஊசியால் துளையிட்டு, நூலைக் கோத்து இரு பக்கமும் முடிச்சுப் போட்டால் மூட்டு தயார். முடிச்சு இறுக்கமாக இருக்க வேண்டும். தளர்ந்தால், நகர்த்திய கை விட்ட இடத்தில் நிற்காமல் சறுக்கிவிடும்.

இனி கணக்குக்கு வருகிறேன். சினிமாவில் ஒரு நொடிக்கு 24 ஃபிரேம் ஓடுகிறது. கையால் செய்யும் அனிமேஷனில் பெரும்பாலும் ஒரு படத்தையே இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்துவோம். ஆக நொடிக்கு 12 படம். பிள்ளைகளுக்கும் அதே 12 தான்.

புதிதாகக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் ஒரு படம் எடுக்க ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகிறது. பாவையை நகர்த்த வேண்டும். கையை எடுக்க வேண்டும். மேஜையின் மேல் யார் கையும் நிழலும் இல்லை என்று பார்க்க வேண்டும். படம் எடுத்து நோட்டில் எண்ணைக் குறிக்க வேண்டும். இதை அவசரப்படுத்த முடியாது. விளக்கு பொருத்தி, கேமராவைச் சரிபார்த்து, சோதனைப் படம் எடுக்கப் பத்து நிமிடம். முடிந்ததும் எல்லாவற்றையும் எடுத்துவைக்கப் பத்து நிமிடம். அரை மணி நேரத்தில் மிஞ்சுவது பத்து நிமிடம், அதாவது பத்துப் படம். ஒரு நொடி கூட இல்லை.

"தினமும் பத்து என்றால் ஐந்து நாளில் ஐம்பது ஆகுமே" என்று நீங்கள் கேட்கலாம். ஆகும். ஆனால் ஒவ்வொரு நாளும் மேஜையைக் கலைத்து மறுநாள் திரும்ப அமைத்தால், முதல் நாளின் பத்தாவது படத்துக்கும் இரண்டாம் நாளின் முதல் படத்துக்கும் நடுவில் எல்லாமே இம்மி இம்மியாக இடம் மாறியிருக்கும். கேமரா, விளக்கு, பின்னணித் தாள் எதையும் அதே இடத்தில் திரும்ப வைக்க முடியாது. ஓட்டிப் பார்க்கும்போது அந்த இடத்தில் படமே ஒரு துள்ளு துள்ளும். ஐந்து நொடிக்குள் நான்கு துள்ளல். அதற்குப் பிறகு பார்ப்பவர் கண்ணில் பாவை தெரியாது, துள்ளல்தான் தெரியும். அதனால் எங்களுக்கு ஒரு விதி: தொடங்கிய ஷாட்டை அன்று மாலையே முடிப்பது. முடியாமல் போனால், அடுத்த முறை வரும்வரை மேஜையை ஒருவரும் தொடாமல் பூட்டிவைப்பது. லேபில் இது நடக்காது. அங்கே தேர்வு நடக்கும், பயிற்சி நடக்கும், மேஜை முழுக்கக் கணினி. பூட்டிவைக்க ஓர் அறை வேண்டும் என்பது இதனால்தான்.

அது ஏன் இருட்டறையாகவே இருக்க வேண்டும் என்பதை மே மாத விடுமுறையில் பட்டுத் தெரிந்துகொண்டோம். எங்கள் வீட்டு வராந்தாவில் தெருப் பிள்ளைகள் ஐந்து பேரை வைத்து ஒரு சோதனை செய்தேன். இரண்டு மணி நேரத்தில் 92 படம் எடுத்தோம். ஒவ்வொன்றாகப் பார்த்தால் பெரும்பாலும் நன்றாகவே இருந்தன. ஓட்டிப் பார்த்தால் மின்னல் வெட்டுவது போல வெளிச்சம் கூடியும் குறைந்தும் துடித்தது. மேகம் சூரியனை மறைத்து விலகியது ஒரு காரணம். இரண்டாவது காரணம் செல்பேசி. யாராவது குனிந்து கொஞ்சம் வெளிச்சத்தை மறைத்தாலும் அது தானாகவே எக்ஸ்போஷரை, அதாவது உள்ளே வாங்கும் வெளிச்சத்தின் அளவை, மாற்றிக்கொண்டது. மூன்றாவதைக் கண்டுபிடிக்க எனக்கே அரை நாள் ஆனது. படம் எடுத்த பையன் வெளிர் நிறச் சட்டை போட்டிருந்தான். அவன் மேஜைக்குக் கிட்ட வந்தபோதெல்லாம் சட்டையில் பட்ட வெளிச்சம் திரும்பித் தாளில் விழுந்து, காகிதத்தின் இடது ஓரம் வெளுத்துப் போனது.

மூன்றுக்கும் தீர்வு உண்டு. கேமராவில் ஃபோகஸ், எக்ஸ்போஷர், நிறத்தைச் சரிக்கட்டும் ஒயிட் பேலன்ஸ் மூன்றையும் பூட்டிவிட வேண்டும். மேஜையில் நிற்கும் பிள்ளைகள் சீருடைக்கு மேல் வீட்டிலிருந்து கொண்டுவரும் பழைய கறுத்த சட்டை ஒன்றைப் போட்டுக்கொள்ள வேண்டும். சூரியனைத்தான் பூட்ட முடியாது, அறையிலிருந்து விலக்கத்தான் முடியும். ஒளியியல் சோதனைகளுக்காக ஒரு காலத்தில் கட்டிய அந்த இருட்டறையில் ஒரே ஜன்னல். அதில் இரண்டு மடிப்புக் கறுப்புத் துணி தொங்கவிட்டால் போதும். கதவைச் சாத்தவே வேண்டாம். வாசலிலும் ஓர் அடி இடைவெளியில் இரண்டு திரை போட்டால் வெளிச்சம் வராது, காற்று வரும், வராந்தாவில் போகிறவர்கள் எட்டிப் பார்க்கவும் முடியும். பெண் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் கதவு திறந்தே இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுபேச்சு இல்லை.

இனிக் கருவிகள். இரண்டு மேஜைகள் போதும். உடைந்த பெஞ்சுகளுக்கு அடியில் ஆய்வக மேஜைகள் இரண்டு கிடக்கின்றன. கால் ஆடுகிறது, ஆப்பு வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு மேஜைக்கும் ஒரு பழைய ஆண்ட்ராய்டு செல்பேசி. ஒன்றை நான் தருகிறேன், இன்னொன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்க வேண்டும். அதில் `Stop Motion Studio` என்ற செயலியின் இலவசப் பதிப்பைப் போட்டுக்கொள்ளலாம். முந்தைய படம் திரையில் மங்கலாகத் தெரிய, அதன் மேலேயே அடுத்த படத்தைப் பொருத்திப் பார்க்கும் வசதி அதில் இருக்கிறது. ஆனியன் ஸ்கின் என்பார்கள். யாராவது மேஜையை இடித்துவிட்டால் எல்லாவற்றையும் பழைய இடத்துக்குக் கொண்டுவர அந்த மங்கல் படம்தான் துணை.

செல்பேசியைத் தாங்கும் ஸ்டாண்டைக் கடையில் வாங்க வேண்டாம். ஒரு அங்குல பிவிசி குழாய், அதை இணைக்கும் எல்போ, டீ மூன்றும் இருந்தால் நான்கு கால் வைத்த சட்டம் ஒன்றைப் பிளம்பர் அரை நாளில் செய்து தருவார். ஒன்றரை அடி உயரத்தில் செல்பேசியைக் கவிழ்த்து வைத்தால் A3 தாள் முழுக்க உள்ளே அடங்கும். குழாய் எடையில்லாதது என்பதுதான் அதன் குறை. ஒரு விரல் பட்டாலும் நகர்ந்துவிடும். நான்கு கால்களிலும் மணல் நிரப்பி மூடி, மேஜையோடு கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டால் ஆடாது. படம் எடுக்கும்போதும் செல்பேசியைத் தொடக் கூடாது. அதற்கு ஒரு சின்ன புளூடூத் ரிமோட் வேண்டும்.

விளக்குக்கு மேஜைக்கு இரண்டாக 9 வாட் எல்இடி பல்பு நான்கு. இரு பக்கமும் சாய்வாக வைத்து, முன்னால் பட்டர் பேப்பர் கட்டினால் நிழல் மிருதுவாக விழும், படத்தில் தண்ணீராக வைக்கும் கண்ணாடித் தாளும் பளீரென்று அடிக்காது. பல்பு வாங்கும்போது ஒன்று கவனிக்க வேண்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மட்டமான பல்பு அதற்கேற்ப நொடிக்கு 100 முறை துடிக்கும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். கடையிலேயே பல்பை எரியவிட்டு வெள்ளைத் தாளின் மேல் செல்பேசியைக் காட்டினால், துடிக்கும் பல்பு என்றால் திரையில் கறுப்புப் பட்டைகள் ஊர்ந்துபோகும். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு பல்பு கேட்க வேண்டும். கேமராவின் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/50 நொடி என்று வைத்தாலும் பட்டை அடங்கும். ஆனால் எல்லா செல்பேசியிலும் அதை மாற்ற முடியாது.

கரண்ட் போனாலும் எரியும் இன்வெர்ட்டர் பல்பு வாங்கலாமே என்று ஒரு பெற்றோர் கேட்டார். வேண்டாம். பேட்டரிக்கு மாறியதும் அதன் வெளிச்சம் இறங்கிவிடும், அங்கிருந்து படமும் மங்கிவிடும். கரண்ட் போனால் மேஜையை அப்படியே விட்டுவிட்டு வராந்தாவில் உட்கார்ந்து பாவை வெட்டுவோம். வந்ததும் விட்ட இடத்தில் தொடரலாம்.

இதெல்லாம் எதற்கு என்பது ஒரு படத்தைச் சொன்னால்தான் விளங்கும். எல்லாருக்கும் தெரிந்த தாகமெடுத்த காக்கா கதையையே எடுத்துக்கொள்கிறேன். 20 நொடிப் படம். நொடிக்கு 12 வீதம் 240 இடங்களை நிரப்ப வேண்டும். ஆனால் 240 படமும் எடுக்க வேண்டியதில்லை. காக்கா நின்று பானையைப் பார்க்கும் ஒரு நொடிக்கு ஒரே படத்தைப் பன்னிரண்டு முறை நிறுத்திக்கொள்ளலாம். அப்படிக் கழித்தால், காக்கா நடந்து வருவது 40 படம், பானைக்குள் அலகை விட்டுப் பார்ப்பது 20, கல்லைப் பொறுக்குவது 30, கல் விழுந்து நீர் ஏறுவது 50, குடித்துவிட்டுப் பறப்பது 30. மொத்தம் 170. ஐந்து ஷாட், ஐந்து மாலை. எந்த ஷாட்டும் ஐம்பது படத்தைத் தாண்டக் கூடாது என்று கதையைப் பிரிக்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் ஒரு மாலையில் பிள்ளைகளால் எடுக்க முடிவது அவ்வளவுதான்.

நான்காவது ஷாட்டை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். வராந்தாவில் அதைத்தான் முயன்று பார்த்தோம். பானையின் வயிற்றில் ஒரு ஜன்னல் வெட்டி, பின்னால் நீலக் கண்ணாடித் தாளை நுழைத்து, ஒவ்வொரு கல்லுக்கும் அதைக் கொஞ்சம் மேலே தள்ளினால் நீர் ஏறுகிறது. அது சுலபம். கல் விழுவதுதான் சிக்கல். பாவைகள் மேஜையில் படுத்துக் கிடப்பவை, கல்லும் தாளில் வெட்டிய கல். அது நிஜமாக விழாது, விழுவதாக நாம்தான் நகர்த்த வேண்டும். காக்காவின் அலகிலிருந்து பானையின் வாய்வரை 16 செ.மீ. இருந்தது. நான்கு படத்தில் விழ வேண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி ஸ்கேலை வைத்து ஒழுங்காக நான்கு நான்கு செ.மீ. நகர்த்தினாள். ஓட்டிப் பார்த்தோம். கல் விழவில்லை, லிஃப்டில் இறங்குவது போல இறங்கியது. தப்பு எங்கே என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

நான் விடையைச் சொல்லவில்லை. வாசலில் கிடந்த நிஜக் கல்லை எடுத்துக் கையிலிருந்து விட்டேன். மூன்று நான்கு முறை விட்ட பிறகு, "முதல்ல மெதுவா, அப்புறம் வேகமா போவுது" என்றாள். அப்படியானால் முதல் படத்தில் எவ்வளவு, கடைசியில் எவ்வளவு? ஐந்து பேரும் சண்டை போட்டு, அழித்து அழித்து எழுதி, கடைசியில் 1, 3, 5, 7 என்று வந்தார்கள். கூட்டினால் 16. விழும் பொருள் சம நேரங்களில் கடக்கும் தூரம் ஒற்றைப்படை எண்களின் விகிதத்தில் கூடும் என்று கலிலியோ கண்டதும் இதுதான். ஒன்பதாம் வகுப்பில் முடுக்கம் நடத்தும்போது சமன்பாடாக வருவதும் இதுதான். மறுபடி நான்கு படம் எடுத்து ஓட்டினோம். "இப்பதான் அக்கா கல்லுக்குக் கனம் வந்திருக்கு" என்றாள் அவள். வெறும் சார்ட் துண்டுக்குக் கனம் வந்தது என்று அவள் சொன்ன வார்த்தையை, ஸ்டுடியோவில் சேர்ந்து பல மாதம் கழித்துத்தான் என்னால் உணர முடிந்தது. அனிமேஷனின் அடிப்படை வரைவதில் இல்லை, இடைவெளியில் இருக்கிறது. அதைக் கற்க விலையுயர்ந்த மென்பொருள் எதுவும் வேண்டாம். ஒரு ஸ்கேல் போதும், தப்பாக வந்ததைத் திரும்ப எடுக்க நேரம் இருந்தால் போதும்.

அந்த நேரத்தைத்தான் கால அட்டவணையாகக் கேட்கிறேன். பத்து, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு மாலையில் சிறப்பு வகுப்பு உண்டு என்பதால் அவர்களைச் சேர்க்கவில்லை. 7, 8, 9 வகுப்புகளிலிருந்து 12 பேர். செவ்வாய், வெள்ளி மாலைகள். இந்த இரண்டு நாளும் ஓவிய ஆசிரியை பிற்பகலில் பள்ளியில் இருக்கிறார். 4.10 மணிக்கு மணியடித்ததும் முதல் கால் மணி நேரம் சுண்டல். மதியம் பன்னிரண்டரைக்குச் சாப்பிட்ட பிள்ளைகள், பசியோடு இம்மி இம்மியாக நகர்த்தும் வேலை செய்ய முடியாது. 4.25-க்கு விளக்கு, கேமரா பூட்டு, சோதனைப் படம். 4.35 முதல் 5.25 வரை படப்பிடிப்பு, இந்த ஐம்பது நிமிடத்தில் குறுக்கீடு கூடாது. பிறகு எடுத்ததை ஓட்டிப் பார்த்து, நோட்டு எழுதி, பெட்டியைப் பூட்டி 5.40-க்கு வாசலில் நிற்போம். மேலத்தெருப் பக்கம் போகும் டவுன் பஸ் ஆறு மணிக்குள் வரும். அந்தப் பஸ்ஸை விட்டால் ஐந்து பிள்ளைகளுக்கு வீடு போக வழியில்லை என்பதால், படம் பாதியில் நின்றாலும் 5.25-க்கு நிறுத்திவிடுவேன்.

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் எட்டு வாரம். முதல் இரண்டு வாரம் செல்பேசியையே எடுக்க மாட்டோம். பழைய நோட்டின் ஓரத்தில் 36 பக்கம் வரைந்து விரலால் புரட்டினால் மூன்று நொடி. அதில் ஒரு பந்தைத் துள்ளவைத்தால் போதும். அடுத்த இரண்டு வாரம் நாணயம், அழிரப்பர், தீக்குச்சி என்று கையில் கிடைப்பதை நகர்த்திப் பழகுவது. பிறகு இரண்டு வாரம் பாவை வெட்டி மூட்டுக் கட்டுவது. கடைசி இரண்டு வாரம் கதையைக் கட்டம் கட்டமாக வரைந்து, ஒவ்வொரு ஷாட்டையும் தாங்களே நடித்துப் பார்த்து ஸ்டாப் வாட்ச்சில் அளப்பது. செப்டம்பரில் காலாண்டுத் தேர்வுக்காக மன்றம் மூடியிருக்கும். தேர்வு விடுமுறை முடிந்து அக்டோபரில் திறந்ததும் ஐந்து வாரம் படப்பிடிப்பு.

12 பேரை நால்வராக மூன்று குழு பிரிப்போம். குழுவுக்கு ஒரு 20 நொடிப் படம், மூன்றுக்கும் சேர்த்து 15 ஷாட். இரண்டு மேஜை, பத்து மாலை என்றால் 20 ஷாட்டுக்கு இடம் இருக்கிறது. மிஞ்சும் ஐந்தும் தீபாவளிக்கும், ஐப்பசி மழைக்கும், கரண்ட் கட்டுக்கும், கெட்டுப்போன ஷாட்டைத் திரும்ப எடுப்பதற்கும் போய்விடும். இரண்டு குழு மேஜையில் இருக்கும்போது மூன்றாவது குழு அடுத்த ஷாட்டுக்குப் பாவை வெட்டும், காக்கா குரலும் கல் விழும் சத்தமும் பதிவு செய்யும். மேஜையில் ஒருவர் நகர்த்துவார், ஒருவர் ரிமோட்டை அழுத்துவார், ஒருவர் எண் எழுதுவார், நான்காமவர் "கை வெளியே!" என்று குரல் கொடுப்பார். அந்தக் குரல் இல்லாமல்தான் வராந்தாவில் ஏழு படத்தில் என் விரல் விழுந்தது. நவம்பர் 14, குழந்தைகள் தினத்தன்று ஹைடெக் லேபின் புரொஜெக்டரில் மூன்று படத்தையும் திரையிட வேண்டும். அன்றைக்கு ஒரு நாள் மட்டும் லேபைக் கேட்பேன்.

நான்கு மாதத்துக்கு மொத்தம் ஒரு நிமிடப் படம். குறைவாகத் தெரியும், ஆனால் முதல் ஆண்டில் அதற்கு மேல் வாக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. வாயசைத்துப் பேசும் பாத்திரம், முப்பரிமாணம் எதையும் இந்த ஆண்டு தொட மாட்டோம். இது வேலைவாய்ப்புப் பயிற்சி என்று பெற்றோரிடம் சொல்லவும் வேண்டாம். கணினியில் வரைய ஆசைப்படும் பிள்ளைகள் இருந்தால், அரசு கொடுத்து வீட்டு அலமாரியில் தூங்கும் பழைய மடிக்கணினியில் `Pencil2D` போட்டுக் காட்டுவேன். அது இலவசம், பழைய கணினியிலும் ஓடும். அதுவும் இரண்டாம் ஆண்டில்.

செல்பேசி பள்ளிக்குள் வரக் கூடாது என்ற விதியை நான் அறிவேன். இந்த இரண்டு செல்பேசியிலும் சிம் இருக்காது. செயலியைப் போட்ட பிறகு ஏரோபிளேன் மோடில்தான் இருக்கும், ரிமோட்டுக்காக புளூடூத் மட்டும் இயங்கும். ட்ரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை அலுவலகத்தில் ஒப்படைப்போம். கேமரா எப்போதும் மேஜையைப் பார்த்துக் கவிழ்ந்தே இருக்கும். எந்தப் பிள்ளையின் முகமும் அதில் பதியாது. காகிதம் வெட்டும் கத்தி ஆசிரியை கையில் மட்டும், பிள்ளைகளுக்குக் கத்தரிக்கோல்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். செல்பேசி ஒன்று 5,000 ரூபாய். ஸ்டாண்ட், விளக்கு, கறுப்புத் துணி, எக்ஸ்டென்ஷன் பெட்டி, ரிமோட், தாள், நூல், பென் டிரைவ், ட்ரங்குப் பெட்டி எல்லாம் சேர்த்து 6,350. ஆகக் கருவிக்கு 11,350. நம் ஊர்க் கடைகளில் விலை கேட்டே எழுதியிருக்கிறேன். 26 மாலைகளுக்குச் சுண்டல் 4,400. இவை போக இன்னொரு செலவை நீங்கள் எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள். ஓவிய ஆசிரியைக்கு மாலைக்கு 250 வீதம் 6,500. அவர் பகுதிநேர ஆசிரியர். வாரத்தில் மூன்று அரை நாளுக்குத்தான் அவருக்குச் சம்பளம். "பிள்ளைகளுக்காகத்தானே, கொஞ்ச நேரம் இருங்களேன்" என்று அவரிடம் சும்மா கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நான் சம்பளம் வாங்கப்போவதில்லை. ஆனால் நான் வெளியாள். நான் இருக்கும் அறையில் பள்ளி ஆசிரியர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும், இருப்பவருக்கு அதற்கான பணம் கிடைக்க வேண்டும். மொத்தம் 22,250. என்னோடு பத்தாம் வகுப்பு படித்தவர்கள் கருவிச் செலவை ஏற்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். மீதி 10,900 ரூபாயைப் பள்ளி மேலாண்மைக் குழு யோசித்துச் சொல்ல வேண்டும். குறைக்கத்தான் வேண்டும் என்றால் ரிமோட்டை விட்டுவிடலாம். பழைய இயர்ஃபோனின் வால்யூம் பொத்தானை அழுத்தினாலும் பல செல்பேசிகளில் படம் விழும். சுண்டலையும் ஆசிரியையின் பணத்தையும் குறைக்க வேண்டாம்.

இந்த மாதக் குழுக் கூட்டத்துக்கு முன்னால் ஒரு மாலை எனக்கு அந்த இருட்டறையின் சாவி கிடைத்தால், ஜன்னல் அளவும் பிளக் பாயிண்ட் வேலை செய்கிறதா என்பதும் பார்த்துவிடுவேன். பெஞ்சுகளை எடுத்து அடுக்க இரண்டு பேரை நானே அழைத்து வருகிறேன். கூட்டத்துக்கு வரும்போது 1, 3, 5, 7 என்று விழும் கல்லையும், நான்கு நான்காக விழும் கல்லையும் செல்பேசியில் கொண்டுவருகிறேன். இரண்டும் சேர்ந்து ஒரு நொடிகூட வராது. நீங்களும் குழுவினரும் பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் பள்ளியின் பழைய மாணவி